தையல்காரர் சொல்லும் கடைசித் தேதி

புரட்டாசி பிறந்தாலே ஜவுளிக்கடைத் தெருக்களில் '70 சதவீதம் தள்ளுபடி' என்று ஒலிபெருக்கிகள் அலறும். விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கும் வித்தை வாடிக்கையாளருக்குத் தெரியாதா என்ன?

1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், தீபாவளிக்கு வழக்கமாக அறிவிப்பது 30 சதவீதம்தான். பட்டுச்சேலைகளில் நெசவாளரின் படமும் பெயரும் கொண்ட அட்டையையும் அது இணைத்தது.

அவசரத்தை உண்டாக்கவும் பொய் வேண்டாம். காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு ஒன்றை நெய்யப் பல நாட்கள் ஆகும். தீர்ந்த நிறம் பண்டிகைக்குள் திரும்ப வருவது அரிது. தையல்காரரும் கடைசி வாரத்தில் ரவிக்கைத் துணி வாங்க மாட்டார். ஆகவே, 'இந்தத் தேதிக்குள் எடுத்தால் ரவிக்கை தைத்துக் கிடைக்கும். இந்த நிறத்தில் 6 சேலைகளே உள்ளன' என்று எழுதினால் போதும். ஏழாவது சேலை மறுநாள் அலமாரியில் தெரிந்தால் விளம்பரம் செத்தது.

வாங்குபவர்கள் தள்ளுபடிக்கு முந்தைய விலையையும் சில்க் மார்க் முத்திரையையும் கேட்டுப் பார்க்கவும்.