அப்பா பெயரில் இருந்த கடை

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. தனி ஒருவர் நடத்தும் கடையைச் சட்டம் அவரிடமிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. போர்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பான் எண் அவருடையது, ஜிஎஸ்டி எண் அந்தப் பானை வைத்து வாங்கியது. அவர் இறந்ததும் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் வாரிசுகளைச் சேரும். அவர் பெயரில் வியாபாரம் செய்யும் உரிமை மட்டும் யாருக்கும் வராது. துக்க வீட்டில் இதை எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை. காரியம் முடிந்ததும் மகன் கடையைத் திறந்து, அதே பில் புத்தகத்தில் பில் போடத் தொடங்கிவிடுகிறார்.

கும்பகோணத்தில் ஒரு பலகாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் உயில் எழுதவில்லை. மனைவி, மகன், மகள், வயதான தாய் இருக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு. பாட்டியின் பங்கைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. கடையை மகன் நடத்தட்டும் என்று முடிவானால், இறப்புச் சான்றிதழும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு, மற்ற மூவரும் சம்மதம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அடுத்த எல்லா விண்ணப்பங்களுக்கும் இந்தத் தாள்களைத்தான் கேட்பார்கள்.

முதலில் கல்லாப்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைக் கழற்றுங்கள். வாடிக்கையாளர் அதில் போடும் பணம் இறந்தவர் கணக்குக்குத்தான் போகிறது. இறப்பு தெரிந்ததும் வங்கி அந்தக் கணக்கை நிறுத்திவிடும். அதன் பிறகு வரும் தொகையை அனுப்பியவருக்கே திருப்பும், இல்லையென்றால் எடுக்க முடியாத தனிக் கணக்கில் போட்டு வைக்கும். அப்பா கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த செக்குகளும் பாஸ் ஆகாது. சரக்குக் கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பின் நம்பர் தெரியும் என்பதற்காக ஏடிஎம்மில் பணம் எடுக்கக் கூடாது. நாளை தங்கையே கணக்குக் கேட்டால் பதில் இருக்காது. அம்மா நாமினியாக இருந்தால் வங்கி பணத்தை அவரிடம் கொடுக்கும். அதனால் அது முழுவதும் அவருடையதாகிவிடாது. எல்லா வாரிசுகளுக்காகவும் அவர் வாங்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பலகாரம் விற்கும் உரிமத்தில் சட்டம் கொஞ்சம் கருணை காட்டுகிறது. உணவுப் பாதுகாப்பு உரிமம், உரிமையாளர் இறந்த நாளிலிருந்து 90 நாள் வாரிசுகளின் நன்மைக்காகத் தொடர்ந்து செல்லும். அதற்குள் மகன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும்.

ஜிஎஸ்டியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அப்பாவின் எண்ணைப் பெயர் மாற்றி வாங்க முடியாது. மகன் தன் பானில் புதிய பதிவு எடுக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் உரிமையாளர் மரணம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடை கைக்கு வந்த 30 நாளுக்குள் விண்ணப்பித்தால், பதிவு அந்தத் தேதியிலிருந்தே செல்லும், இடைவெளி விழாது.

அப்பாவின் கணக்கில் 42,000 ரூபாய் உள்ளீட்டு வரி வரவு மிச்சம் இருக்கிறது என்று கொள்வோம். அதை மகனின் எண்ணுக்குக் கொண்டுவர ITC-02 என்ற படிவம் இருக்கிறது. வாரிசு முதலில் வரி அலுவலகத்தில் சொல்லி, அப்பாவின் பதிவில் தன்னை அங்கீகரிக்கப்பட்ட கையெழுத்தாளராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆடிட்டர் சான்றோடு அப்பாவின் எண்ணிலிருந்து படிவத்தைப் போட்டு, மகனின் எண்ணில் ஏற்றுக்கொள்ள வேண்டும். இது முடிந்த பிறகே பழைய பதிவை ரத்து செய்ய REG-16 போட வேண்டும். அவசரப்பட்டு முதலில் ரத்து செய்தால் அந்த 42,000 சிக்கிக்கொள்ளும்.

வரவு வரும்போது பொறுப்பும் கூடவே வருகிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 93ஆம் பிரிவுப்படி, வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்தும் வாரிசு அப்பா விட்டுச்சென்ற வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றையும் கட்ட வேண்டும். கடையை மூடிவிட்டால் நிலைமை வேறு: அவர் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. மகனின் சொந்தச் சம்பாத்தியத்தில் கை வைக்க முடியாது. ஆகவே, தொடர்வது என்று முடிவெடுக்கும் முன், போர்ட்டலில் அப்பா போடாமல் விட்ட ரிட்டர்ன் எத்தனை, வந்து கிடக்கும் நோட்டீஸ் என்ன, கட்டாத தொகை எவ்வளவு என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பாருங்கள். கடையின் சரக்கு மதிப்பைவிடப் பழைய வரி பாக்கி அதிகம் என்று தெரிந்தால், அந்தக் கடையைத் தொடர வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.