முகூர்த்தப் புடவை முதலில் போட்டோவில்

ஜவுளி எடுக்கக் கிளம்புவதற்கு முன்பே மணமக்களின் போட்டோவில் புடவை, வேட்டியை உடுத்திக் காட்டும் வசதி இப்போது வந்துவிட்டது. அது எப்படி நடக்கிறது, எதுவரை நம்பலாம் என்று ஒரு திருமண ஏற்பாட்டாளர் மணமக்களுக்கு எழுதும் கடிதம் இது.

அன்புள்ள மணமக்களுக்கு,

வணக்கம். தலை முதல் கால் வரை தெரியும்படி, நேராக நின்று எடுத்த போட்டோ ஆளுக்கு ஒன்று அனுப்புங்கள். உடம்பை ஒட்டிய சாதாரண உடை போதும், துப்பட்டா வேண்டாம். கைகள் உடம்பிலிருந்து சற்று விலகி இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் உங்கள் உடல்வாகைக் கணித்து, பழைய உடை இருந்த இடத்தை அழித்துவிட்டு, அங்கே புதிய உடையை வரைகிறது. தொளதொள சுடிதாரில் நின்றால் இடுப்பு எங்கே, தோள் எங்கே என்று அது ஊகிக்கத்தான் முடியும்.

பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல் எடுங்கள். கையில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் உங்கள் நிறமும் மாறித்தான் பதிவாகியிருக்கும். வேறு இடத்தில் நின்று எடுத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தெளிவு குறைந்துவிடும்.

நீங்கள் சொன்ன அரக்கு நிறக் காஞ்சிப் பட்டையே எடுத்துக்கொள்வோம். உடல், பச்சை பார்டர், முந்தி மூன்றையும் கடையில் தனித்தனியாகப் படம் எடுத்து வருவோம். மென்பொருள் அவற்றை அப்படியே வெட்டி ஒட்டுவதில்லை, பார்த்துத் திரும்ப வரைகிறது. அதனால் நான்கு விரல் பார்டர் இரண்டு விரலாகலாம்; முந்தியில் இருக்கும் அன்னம் ஏதோ ஒரு பறவையாகிவிடலாம். சில நேரம் முகம் வெளுத்து, இடுப்பும் இளைத்து வரும். உங்கள் அசல் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் சொல்லுங்கள், மறுபடி செய்து தருகிறோம்.

டபுள் ஷேடு பட்டில் பாவும் ஊடையும் வெவ்வேறு நிறம். நடக்கும்போது, திரும்பும்போது நிறம் மாறும். படத்தில் அதில் ஒன்றுதான் தெரியும். புடவையின் கனமும் மடிப்பு நிற்கிற விதமும் படத்தில் தெரியாது. பிளவுஸுக்கு டெய்லரிடம் அளவு கொடுத்தே ஆக வேண்டும்.

போட்டோக்கள் எங்கள் கணினியோடு நிற்பதில்லை. மென்பொருள் நிறுவனத்தின் சர்வருக்கும் போகும். அதனால் இருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். வேலை முடிந்ததும் எங்களிடம் உள்ளதை அழித்துவிட்டு, அங்கிருப்பதையும் அழிக்கக் கேட்போம். வீட்டார் போட்டோவை அவர்களைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக் கரையும் புடவை பார்டரும் ஒத்துப்போகிறதா, மண்டப அலங்காரத்தின் நிறத்தில் புடவை அமுங்கிவிடுகிறதா என்று பார்க்க இந்தப் படங்கள் போதும். பிடித்த ஐந்தாறு புடவைகளை இரண்டாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அந்த இரண்டையும் கடை வாசலில், பகல் வெளிச்சத்தில் தோளில் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

அன்புடன்,
உங்கள் திருமண ஏற்பாட்டாளர்