மொத்தம் 52 சதவீதம் எடுத்தும் தேர்ச்சி இல்லை: மதிப்பெண் கணக்கிடுவது எப்படி?

திருவனந்தபுரம்: ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2019 பி.டெக். பாடத்திட்டத்தில், எழுத்துத் தேர்வுள்ள பாடத்துக்கு மொத்தம் 150 மதிப்பெண்கள். இதில் வருகைப்பதிவுக்கு 10, ஒப்படைப்பு, வினாடி வினா போன்றவற்றுக்கு 15, உள்தேர்வுகளுக்கு 25 என அகமதிப்பீட்டுக்கு 50. பருவ இறுதித் தேர்வுக்கு 100.

ஒரு மாணவர் அகமதிப்பீட்டில் 40, அதாவது 80 சதவீதமும், இறுதித் தேர்வில் 38 சதவீதமும் பெற்றதாகக் கொள்வோம். இரண்டின் சராசரி 59 எனக் கணக்கிடுவது தவறு. இறுதித் தேர்வின் பங்கு இருமடங்கு என்பதால், 80-ஐ ஒரு முறையும் 38-ஐ இரு முறையும் கூட்டி 3-ஆல் வகுக்க வேண்டும். விடை 52 சதவீதம்.

தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 சதவீதம் தேவை. அதை அவர் தாண்டிவிட்டார். ஆனால், இறுதித் தேர்வில் தனியே 40 மதிப்பெண் கட்டாயம். அதில் 2 மதிப்பெண் குறைந்ததால், அவர் அப்பாடத்தில் தேர்ச்சி பெறவில்லை.