காசியோ ஏன் நழுவினான்?

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகம் தொடங்கும்போதே இயாகோவுக்கு வயிறு எரிகிறது. தளபதி ஒத்தெல்லோவின் துணைத் தளபதி பதவி தனக்குத்தான் என்று காத்திருந்தவன் அவன். அது காசியோவுக்குப் போய்விட்டது. ஒருவனிடம் இருப்பது தன்னிடம் இல்லையே என்ற இந்த எரிச்சல்தான் ஆங்கிலத்தில் என்வி. 'பார்த்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் இது. நம் ஊரில் கண் வைப்பது என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பார்வை.

ஒத்தெல்லோ படும் பாடு வேறு. மனைவி டெஸ்டிமோனாவின் மனம் காசியோ பக்கம் சாய்ந்துவிட்டதோ என்று அவன் பயப்படுகிறான். தன்னிடம் இருப்பது கைநழுவிப் போகுமோ என்ற பயம் அது. இதுதான் ஜெலசி. ஆட்களை எண்ணினால் வித்தியாசம் விளங்கும்: என்விக்கு இருவர் போதும், ஜெலசிக்கு மூவர் வேண்டும். (இயாகோவுக்கும் தன் மனைவிமேல் ஒரு சந்தேகம் உண்டு, அவனிடம் இரண்டுமே இருந்தன.)

தமிழில் 'பொறாமை' என்றால் பொறுக்க முடியாமை. அடுத்தவன் பதவியையும் பொறுக்க முடியாது, மனைவி வேறொருவனிடம் சிரித்துப் பேசுவதையும் பொறுக்க முடியாது. ஒரே சொல் இரண்டையும் சுமப்பதால்தான் ஆங்கிலம் பயில்பவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். ஆங்கிலேயர்களே பேச்சில் என்விக்கும் ஜெலசி என்று சொல்வதுண்டு. ஆனால் ஒத்தெல்லோவின் பயத்தை யாரும் என்வி என்பதில்லை.

ஷேம், கில்ட் இரண்டையும் பிரிப்பது இன்னும் கடினம். இரண்டும் ஒரே தவறிலிருந்து பிறக்கலாம். 1994இல் நீடென்தால், டாங்னி, கவான்ஸ்கி என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடந்ததை மாற்ற முடிந்தால் எதை மாற்றுவீர்கள் என்பதுதான் கேள்வி. ஷேமில் இருந்தவர்கள் பெரும்பாலும் 'நான் இப்படிப்பட்ட ஆளாக இல்லாமல் இருந்திருந்தால்' என்றார்கள். கில்ட்டில் இருந்தவர்கள் 'நான் அதைச் செய்யாமல் இருந்திருந்தால்' என்றார்கள். முன்னது ஆளைக் குறைசொல்கிறது, பின்னது செயலை. முகத்தில் விழிக்க முடியவில்லை என்று நாம் சொல்வது ஷேம். மனசு உறுத்துகிறது என்பது கில்ட்.

இந்தச் சோதனையைக் காசியோவுக்கு வைத்துப் பாருங்கள். குடித்துவிட்டு மொன்டானோ என்பவனை வாளால் காயப்படுத்துகிறான், பதவி பறிபோகிறது. உடனே அவன் புலம்புவது போன நற்பெயரைப் பற்றி. ரத்தம் சிந்தியவனைப் பற்றியல்ல. சந்தேகமே வேண்டாம், ஷேம்தான்.

மனசு உறுத்துகிறவன் மன்னிப்புக் கேட்கப் போவான், வெட்கியவன் ஒளிவான். காசியோ ஒத்தெல்லோவை நேரில் பார்க்கக் கூசி, டெஸ்டிமோனாவைத் தூது போகச் சொல்கிறான். அவளிடம் பேசி முடிக்கும் நேரத்தில் ஒத்தெல்லோ வருவது தெரிந்ததும் நழுவிவிடுகிறான். அந்த நழுவலைத்தான் இயாகோ ஒத்தெல்லோவுக்குச் சுட்டிக்காட்டுகிறான். சந்தேகத்தின் முதல் விதை அங்கேதான் விழுகிறது.