சடக்கில் தொடங்கி இரைச்சலில் முடியும் தெரு

பள்ளிபாளையத்தில் கரண்ட் போய்த் திரும்பும் இரண்டு நிமிடத்தில் தமிழின் ஒலிச்சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழும். காவிரிக்கு அக்கரையில் ஈரோடு, இக்கரையில் நாமக்கல் மாவட்டத்தின் இந்த ஊர்; தெருவுக்குத் தெரு விசைத்தறி. இப்படி ஒரு தெருவை, “தறிச்சத்தம் காதைப் பிளந்தது” என்று ஒரே வரியில் தாண்டிப் போகும் கதைகளைப் படித்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கரண்ட் வந்ததும் முதலில் பேசுவது டிரான்ஸ்பார்மர். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காந்தவிசை இரண்டு முறை ஏறி இறங்குவதால், உள்ளே இருக்கும் இரும்பு விநாடிக்கு 100 முறை அதிர்கிறது. ஒரே சீரான, தடித்த ஒலி. இதை ‘ரீங்காரம்’ என்று எழுதினால் காது ஒப்பாது. வாயை அகட்டி ‘ஈ’ என்னும்போது ஒலியின் மேல் அதிர்வுகள் ஓங்குகின்றன. உதட்டைக் குவித்து ‘உ’ என்னும்போது அவை அடங்கிவிடுகின்றன. அதனால்தான் கொலுசு கிணுகிணுக்கிறது, மத்தளம் ‘தொம்’ என்கிறது. ரீங்காரம் வண்டுக்குப் பொருந்தும். டிரான்ஸ்பார்மருக்கு ‘உம்மென்று’ போதும்.

அடுத்து ஒருவர் முதல் தறியின் கைப்பிடியை இழுத்துவிடுகிறார். சடக், சடக். பழைய நாடாத் தறி நிமிடத்துக்கு 120 ஊடை போடுவதாக வைத்துக்கொள்வோம், விநாடிக்கு இரண்டு. ஒவ்வொரு ஊடைக்கும் மூன்று அடி விழுகிறது. கட்டை நாடாவை அடித்துத் தள்ளுகிறது. நாடா பாவுக்குள் பாய்ந்து எதிர்ப்பெட்டியில் மோதுகிறது. அச்சு முன்னால் வந்து ஊடையை நெருக்கி அடிக்கிறது. ‘ட’, ‘க்’ போன்ற வல்லின எழுத்துகளைச் சொல்லும்போது வாய்க்குள்ளும் இதேதான் நடக்கிறது: காற்று முழுதாக அடைபட்டுச் சட்டென விடுபடுகிறது. மரமும் இரும்பும் மோதும் ஒலிக்கு மெல்லினத்தில் சொல் அமையாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது தறி ஓடத் தொடங்கினால் கேட்க அழகாக இருக்கும். ஒன்று நிமிடத்துக்கு 120, மற்றது 118 என்றால், 30 விநாடிக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து அடிக்கும்; பிறகு மெல்ல விலகும்; மறுபடி சேரும். இந்த இடத்தில் ‘சடக்’ போய் ‘சடசட’ வருகிறது. இத்தகைய இரட்டைக்கிளவி பிரிந்து வராது என்று தொல்காப்பியம் சொல்கிறது. காதுக்கும் அது நியாயமாகவே படுகிறது: ஒரே ஒரு ‘சட’வில் தொடர்ச்சி இல்லையே.

நான்காவது தறியில் சொல்லே மாறிவிடுகிறது. தறிக்கு விநாடிக்கு ஆறு அடி, நான்குக்கு 24. விநாடிக்கு ஏறத்தாழ 20 அடிகளைத் தாண்டினால் காது அவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பதை விட்டுவிடுகிறது. சீரான இடைவெளியில் விழும் அடிகள் ஒரு தடித்த சுருதியாகச் சேரும். தறிகளோ ஒன்றுக்கொன்று ஒத்து ஓடுவதில்லை, ஆகவே சுருதி பிறக்காமல் இரைச்சல் பிறக்கிறது. கடலும் பெருமழையும் இரைவது இப்படித்தான்: எண்ண முடியாத சிறு மோதல்கள். சத்தம் கூடியதால் வந்த மாற்றம் என்று இதை நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரே அளவுள்ள பத்துத் தறிகள் சேர்ந்தாலும் 10 டெசிபல்தான் கூடுகிறது. காதுக்கு அது சுமார் இரண்டு மடங்கு. சடக்கிலிருந்து இரைச்சலுக்கு நம்மைக் கொண்டுபோவது ஒலியின் அளவைவிட, அடிகள் நெருங்கிய விதம்.

பட்டறையில் நிற்பவருக்கு இந்த இரைச்சலுக்குள்ளும் ஒரு தறி தனியாகக் கேட்கும். நாடா நேரத்துக்குப் பெட்டி சேராவிட்டால், பாவு அறுந்துபோகாமல் காக்கும் இரும்புத் தடுப்பு பாய்ந்து தறியை அப்படியே நிறுத்தும். ‘டமார்!’ முதுகைக் காட்டி நின்றவரும் திரும்பிப் பார்ப்பார். ஆனால் பல ஆண்டு இந்த இரைச்சலில் நின்ற காது முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் ஒலிகளை. எதிரில் பேசுபவரின் குரல் கேட்கும். ‘ச’வும் ‘த’வும் தேய்ந்து, சொல் பிடிபடாது. அப்படி ஒருவரை எழுதும்போது ‘காது கேட்காதவர்’ என்று முடித்துவிடாதீர்கள். “சத்தம் கேக்குது கண்ணு, என்ன சொல்றேன்னு தெரியல” என்பதுதான் அவர் நிலை.

பட்டறையை விட்டு நடந்து வந்தால் சொற்கள் மறுபடி மாறும். சுவர் கூர்மையான ஒலிகளைத் தடுத்து, தடித்தவற்றைக் கசியவிடுகிறது. சடசடப்பின் ‘ச’வும் ‘ட’வும் உள்ளேயே நின்றுவிட, அடுத்த தெருவுக்கு ஓர் உறுமல் மட்டும் வந்து சேர்கிறது. பழந்தமிழில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்ற நான்கையும் ஆரவாரத்துக்குரிய சொற்களாகத் தொல்காப்பியம் சேர்த்துச் சொல்கிறது. அவற்றில் எதையும் இந்தத் தெருவுக்கு நான் எடுக்கமாட்டேன். முதலில் கதையில் வருபவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பேன். தறிமேல் கை வைத்திருந்தால் சடக். வாசலில் நின்றால் இரைச்சல். அடுத்த தெருவில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தால் உறுமல். அந்த உறுமல் சட்டென நின்றால் தொட்டிலில் பிள்ளை விழித்துக்கொள்ளும். கரண்ட் போயிருக்கும்.