தொட்டியில்லாக் குளியலறையில் ஷவர் திரைக் கம்பி

ஷவர் திரைக் கம்பி என்பது குளிக்கும் இடத்திலிருந்து தண்ணீர் தெறிக்காமல் தடுக்கும் திரையைத் தாங்கும் குழாய் ஆகும். இது இரு முறைகளில் பொருத்தப்படுகிறது. எதிரெதிரான இரு சுவர்களுக்கு இடையே அழுத்தி நிறுத்தப்படுவது அழுத்தக் கம்பி. கடைகளில் இதனை ‘டென்ஷன் ராடு’ என்பர். மேல்தளத்தில் துளையிட்டுத் திருகாணியால் தொங்கவிடப்படுவது கூரைக் கம்பி. குளியல் தொட்டி உள்ள வீடுகளில் திரையின் அடிப்பகுதி தொட்டிக்குள் விழுந்துவிடும். தமிழ்நாட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் தொட்டி இருப்பதில்லை. ஐந்தடி அகலமும் எட்டடி நீளமும் உள்ள அறையில் கழிப்பிருக்கையும் கைகழுவும் தொட்டியும் ஷவரும் ஒன்றாகவே அமைகின்றன. ஆகவே இங்கே கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது சுவர், மேல்தளம், தரையின் வாட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

அழுத்தக் கம்பி எதனால் நிற்கிறது

அழுத்தக் கம்பியில் ஒன்றுக்குள் ஒன்று செல்லும் இரு குழாய்கள் உள்ளன. உள்ளே சுருள்வில் ஒன்றோ, முறுக்கினால் நீளும் திருகு ஒன்றோ இருக்கும். இரு முனைகளிலும் ரப்பர் வில்லைகள் உண்டு. கம்பியானது சுவரைக் கிடைமட்டமாகத் தள்ளுகிறது. திரையின் எடையோ கீழ்நோக்கி இழுக்கிறது. கீழ்நோக்கிய இழுவையைத் தாங்குவது ரப்பருக்கும் டைல்ஸுக்கும் இடையிலுள்ள உராய்வு விசை மட்டுமே. உராய்வு விசை இரண்டைப் பொறுத்தது. ஒன்று, கம்பி சுவரைத் தள்ளும் அழுத்தம். மற்றொன்று, தொடும் பரப்புகளின் தன்மை. சோப்புப் படிவும் எண்ணெய்ப் பசையும் இரண்டாவதைக் குறைத்துவிடுகின்றன. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீடுகளில் பல மாதங்கள் அசையாமல் நின்ற கம்பி ஒருநாள் திடீரென்று சரிவதற்கு இதுவே பொதுவான காரணம்.

அடுத்தது நீளம். ஒரே குழாய், ஒரே வகைத் திரை என்று வைத்துக்கொண்டால், நீளம் இரண்டு மடங்காகும்போது நடுவிலுள்ள வளைவு பதினாறு மடங்காகிறது. கம்பி நடுவில் தொய்ந்தால் முனைகள் சற்றே சாய்கின்றன. அப்போது வில்லையின் கீழ்விளிம்பு மட்டும் சுவரில் அழுந்தும். மேல்விளிம்பு விலகி நிற்கும். வில்லைக்கும் சுவருக்கும் இடையில் மேற்பக்கம் ஒரு தாளைச் செருக முடிந்தால், அந்தக் கம்பி விழுவதற்குத் தயாராகிவிட்டது என்று பொருள். ஐந்தடி அகலத்திற்கு ஓரளவு தடித்த குழாய் போதும். எட்டடிக்கு அழுத்தக் கம்பி பொருந்தாது.

சுவரும் உறுதியாக இருக்க வேண்டும். செங்கல் சுவரில் கலவை நன்கு நிறைந்து ஒட்டிய டைல்ஸ் தாங்கும். டைல்ஸுக்குப் பின்னால் கலவை இல்லாமல் வெற்றிடம் இருந்தால், முறுக்கிய அழுத்தத்தில் அது கீறிவிடும். ஒரு நாணயத்தால் தட்டிப் பார்ப்பது எளிய சோதனை: நிறைந்த இடம் ‘டக்’கென்று கெட்டியாக ஒலிக்கும், வெற்றிடம் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். கண்ணாடி, அலுமினியம், பி.வி.சி. பலகை ஆகியவற்றால் ஆன தடுப்புகளில் அழுத்தக் கம்பியைப் பொருத்தக் கூடாது. அவை வெளிப்பக்கம் வளைந்து கொடுக்க, கம்பியின் பிடி தானாகவே தளர்ந்துவிடும்.

ஐந்தடிக் குளியலறை: ஒரு கணக்கு

அறையின் கடைக்கோடியில் ஷவர் உள்ளது. இருபுறமும் செங்கல் சுவர். இடைவெளி 60 அங்குலம். டைல்ஸ் 7 அடி உயரம் வரை, அதாவது 84 அங்குலம் வரை ஒட்டப்பட்டுள்ளது. அதற்கு மேல் வண்ணம் பூசிய சுவர். கடையில் வாங்கிய திரையின் நீளமும் 7 அடி.

திரையை அப்படியே தொங்கவிட்டால் என்ன ஆகும்? வளையத்திற்கு ஒன்றரை அங்குலம், தரைக்கும் திரைக்கும் இடையே ஓர் அங்குலம் என்று கூட்டினால் கம்பி 86½ அங்குல உயரத்தில் நிற்க வேண்டும். அந்த இடம் டைல்ஸுக்கு மேலே, வண்ணப் பூச்சின்மீது வருகிறது. பூச்சின்மீது அழுத்தினால் ஈரத்தில் வண்ணம் உரிந்து, வில்லை அதனோடு சேர்ந்து வழுக்கி இறங்கும். பலர் இங்கேதான் கம்பியைக் குறைகூறுகின்றனர்; குறை கம்பியில் இல்லை.

வில்லையின் விட்டம் ஏறத்தாழ 2 அங்குலம். அது முழுவதும் டைல்ஸின்மேல் அமர வேண்டுமானால் கம்பியின் நடுப்பகுதி 82 அங்குலத்தில் இருக்கலாம். வளையத்தையும் தரை இடைவெளியையும் கழித்தால் திரைக்குக் கிடைப்பது 79½ அங்குலம். ஆகவே திரையின் அடியில் 4½ அங்குலம் வெட்டிவிட வேண்டும். பி.வி.சி. திரையைக் கத்தரிக்கோலால் வெட்டினால் போதும். துணித்திரை என்றால் மடித்துத் தைக்க வேண்டும். அகலத்தையும் கவனிக்க வேண்டும். நான்கரை அடி அகலத் திரை, அதாவது 54 அங்குலம், 60 அங்குல இடைவெளியை மூடாது. மடிப்பு விழுந்து தொங்குவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக, 72 அங்குலம் வேண்டும்.

பொருத்தும் முன் இரு பக்க டைல்ஸையும் சோப்பு நீரால் கழுவி, உலர்ந்த பின் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். ஒரு சுவரில் உயரத்தைக் குறித்து, ரசமட்டம் வைத்து எதிர்ச்சுவருக்கு அதே உயரத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். தரையிலிருந்து இரு பக்கமும் தனித்தனியே அளந்தால் தரையின் வாட்டம் காரணமாகக் கம்பி சாய்ந்துவிடும். வில்லை இரு டைல்ஸ் சேரும் இணைப்பில் படாமல் ஒரே டைல்ஸின்மேல் அமர வேண்டும். சுருள்வில் வகையில் கம்பியை இடைவெளியைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாக நீட்டி, பின் அமுக்கி உள்ளே நுழைக்க வேண்டும். பொருத்திய பின் வில்லையின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது. ஒரு வாரத்தில் வில்லை கோட்டைக் கடந்திருந்தால் சுவர் வழுக்குகிறது அல்லது அழுத்தம் போதவில்லை.

கூரைக் கம்பி தேவைப்படும் இடம்

ஷவர் அறையின் மூலையில் இருந்து, ஒரு பக்கம் மட்டுமே சுவர் இருந்தால் அழுத்தக் கம்பிக்கு எதிர்ச்சுவர் கிடைக்காது. அங்கே ‘எல்’ வடிவக் கம்பியின் இரு முனைகளைச் சுவர்களிலும், வளையும் மூலையை மேல்தளத்திலிருந்து தொங்கும் தண்டிலும் கட்டுவதே வழி. நீளமான இடத்துக்குக் கூரையில் திருகப்படும் தண்டவாளமும் உண்டு. அதில் வளையங்களுக்குப் பதிலாகச் சிறு உருளிகள் ஓடும்.

கூரைக் கம்பி உராய்வால் நிற்பதில்லை. திருகாணியை நேர் கீழாக இழுக்கிறது. எனவே அது சரிவதில்லை, பிடுங்கிக்கொண்டு வருகிறது. கான்கிரீட் தளத்தில் ஹேமர் டிரில்லால் 8 மி.மீ. துளையை 50 மி.மீ. ஆழத்திற்கு இட்டு, 40 மி.மீ. நைலான் பிளக்கைச் செருகித் திருகாணியை முடுக்குவது வழக்கம். அடிப்பூச்சோடு பிளக் நின்றுவிடாமல் கான்கிரீட்டுக்குள் செல்ல வேண்டும். துளை தளர்வாக அமைந்தால் சுவரில் ஒருவாறு சமாளிக்கலாம், கூரையில் முடியாது. துளையிடும்போது முனை திடீரென நின்று உலோக ஒலி எழுந்தால் அது இரும்புக் கம்பி. வலிந்து துளைக்காமல் ஓர் அங்குலம் தள்ளி இட வேண்டும். விளக்குக்கான மின்குழாய் தளத்துக்குள்ளேயே செல்வதால், விளக்குப் புள்ளிக்கு அருகிலும் அதற்கு நேரான வழியிலும் துளையிடக் கூடாது. வேலை முடியும்வரை மெயின் சுவிட்சை அணைத்து வைப்பதும், டிரில்லுக்கு வேறு இணைப்பிலிருந்து மின்சாரம் எடுப்பதும் பாதுகாப்பானவை.

மேல்தளத்தில் ஈரத்தடமோ வெள்ளை உப்புப் படிவோ தெரிந்தால் அங்கே கூரைக் கம்பி வேண்டாம். மேல்வீட்டுக் குளியலறை பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கும். கசியும் தளத்தில் இரும்பு துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டின் அடித்தோலைப் பிளந்துவிடுகிறது. பிளக் அந்தத் தோலோடு சேர்ந்து விழும். முதலில் கசிவை நிறுத்த வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் இன்னொரு தடை. பி.வி.சி. பலகையோ ஜிப்சம் பலகையோ தன் எடையைத் தாங்கவே சட்டத்தை நம்பி நிற்பது. அதில் திரையைத் தொங்கவிட்டால் பலகையே கிழிந்து வரும். பலகையைத் துளைத்து, மரைத்தண்டு ஒன்றை மேலுள்ள கான்கிரீட் வரை கொண்டுசென்று பூட்ட வேண்டும். புதிதாகக் கட்டுவோர் சட்டம் அமைக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் செலவு மிகக் குறைவு.

உயரமும் ஒரு சிக்கல். தளம் ஒன்பதரை அடியில் இருக்க, திரை ஏழடிதான். கம்பியைத் தண்டில் இறக்கித் தொங்கவிடலாம். அல்லது நீண்ட திரை தைக்கலாம். கூரைவரை மூடிய திரை வெளிச்சத்தையும் வெந்நீர் ஆவி வெளியேறுவதையும் தடுக்கும். மருத்துவமனைப் படுக்கைத் திரைகளின் மேற்பகுதியில் வலை வைத்துத் தைத்திருப்பதை இங்கும் பின்பற்றலாம்.

தரையும் திரையின் அசைவும்

தொட்டி இல்லாதபோது, திரையில் வழிந்த நீர் தரையில்தான் விழுகிறது. எந்தக் கம்பியானாலும் அதன் நேர்கீழ்க் கோடு தரையின் வாட்டம் வடிகாலை நோக்கி இறங்கும் பகுதிக்குள் அமைய வேண்டும். இரண்டு அங்குலத் தடுப்புக் கட்டு இருந்தால், கம்பி கட்டுக்கு நேர் மேலே வராமல் மூன்று அங்குலம் உட்பக்கம் வர வேண்டும். அழுத்தக் கம்பியை நகர்த்திச் சோதித்துப் பார்க்கலாம். கூரைத் துளை இட்ட பின் அது முடியாது. எனவே கூரைக் கம்பி போட நினைப்போர் முதலில் அந்தக் கோட்டில் ஒரு கயிற்றைக் கட்டி, பழைய திரையைத் தொங்கவிட்டு இரண்டு நாள் குளித்துப் பார்ப்பது பயனுள்ளது.

ஷவர் ஓடும்போது திரை உள்நோக்கிப் பறந்து உடலில் ஒட்டுவது பலருக்கும் தெரிந்ததே. இதற்கான விளக்கத்துக்காக மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷ்மிட்டுக்கு 2001-இல் நகைச்சுவை விருதான இக் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஷவர் நீர்த்தாரை காற்றில் ஒரு சுழலை உண்டாக்குவதாகவும், சுழலின் நடுவிலுள்ள குறைந்த அழுத்தம் திரையை இழுப்பதாகவும் அவருடைய கணினிக் கணக்கு காட்டியது. தொட்டி இல்லாத அறையில் திரையின் அடி எதிலும் ஒட்டாமல் தொங்குவதால் இந்த அசைவு கூடும். காந்தம் தைத்த திரைகள் இரும்புத் தொட்டிக்கானவை. டைல்ஸ் தரையில் அவை பயன்படா. அடி மடிப்புக்குள் எடை நூல் கோத்துத் தைப்பதே பலன் தரும்.

வழுக்கும்போது

சோப்புத் தரையில் கால் வழுக்கும்போது கை தானாகவே திரையைப் பற்றுகிறது. அழுத்தக் கம்பி அந்த நொடியிலேயே கழன்று, குழாயோடு சேர்த்து ஆளின்மேல் விழும். கூரைக் கம்பி சற்றுக் கூடுதலாகத் தாங்கினாலும், வளையங்கள் கிழிந்து திரை கையோடு வந்துவிடும். இரண்டுமே மனித எடைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதியோர் குளிக்கும் அறையில் கம்பி எதுவாயினும், தரையிலிருந்து ஏறத்தாழ 33 முதல் 36 அங்குல உயரத்தில் சுவரில் திருகாணியால் பூட்டிய தனிக் கைப்பிடி வேண்டும். ரப்பர் வில்லையால் உறிஞ்சி ஒட்டும் கைப்பிடிகள் இதற்கு ஆகா. அவையும் அழுத்தக் கம்பியைப் போலவே சோப்புப் படிவில் சொல்லாமல் கழல்பவை.

வாடகை வீட்டில் துளையிட உரிமையாளர் ஒப்பாதபோது அழுத்தக் கம்பியே எஞ்சுகிறது. அப்போது ஆண்டுக்கு இருமுறை கழற்றி, ரப்பரையும் டைல்ஸையும் துடைத்து மாட்ட வேண்டும். நகத்தால் அழுத்தினால் அமுங்காத அளவுக்கு ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் வில்லையை மாற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் பயன்படும் வீடுகளில் முலாம் பூசிய இரும்புக் குழாய், இரு குழாய்கள் உரசும் இடத்தில் முதலில் துருப்பிடிக்கும். அங்கே துருப்பிடிக்காத எஃகுக் குழாயையே வாங்குவது நன்று.