சுற்றி வந்தால் கணக்கு நேராகும்: கிர்க்காஃபின் இரு விதிகள்

மின்சுற்றுகளைக் கணக்கிட உதவும் இரு விதிகளை குஸ்தாவ் கிர்க்காஃப் 1845-இல் வெளியிட்டார். அப்போது அவர் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர். ஒரு கம்பியில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஓம் ஏற்கெனவே 1827-இல் சொல்லியிருந்தார். பல கம்பிகள் கிளைத்தும் கூடியும் கிடக்கும் சுற்றுக்கு அது மட்டும் போதவில்லை.

முதல் விதி சந்திகளைப் பற்றியது. கம்பிகள் கூடும் ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை, அங்கிருந்து வெளியேறும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். 5 ஆம்பியர் வந்து, ஒரு கிளையில் 3 ஆம்பியர் போனால், மற்றதில் 2 ஆம்பியர் போயே ஆக வேண்டும். மின்னூட்டத்தை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்பதே இதன் அடிப்படை. ஆனால் அழியாத மின்னூட்டம் சந்தியிலேயே தேங்கி நிற்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஒரு சந்தியை 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள உலோக உருண்டையாகக் கொள்வோம். வெளியேறுவதைவிட 1 ஆம்பியர் கூடுதலாக, ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் உள்ளே வந்தால்கூட, உருண்டையின் மின்னழுத்தம் சுமார் 9 லட்சம் வோல்ட்டுக்கு ஏறிவிடும். அந்த உயரத்தை எட்டும் முன்பே, சேர்ந்த மின்னூட்டம் பின்னால் வருவதைத் தள்ளி, வரவையும் செலவையும் சமமாக்கிவிடுகிறது.

இரண்டாம் விதி மூடிய பாதைகளைப் பற்றியது. சுற்றின் ஒரு புள்ளியில் தொடங்கி, ஏதேனும் ஒரு பாதையில் போய் அதே புள்ளிக்குத் திரும்பினால், வழியில் சந்தித்த மின்னழுத்த ஏற்றங்களும் இறக்கங்களும் கூட்டிப் பார்க்கையில் சுழி ஆகும். 1 வோல்ட் என்பது 1 கூலும் மின்னூட்டத்துக்கு 1 ஜூல் ஆற்றல். ஆகவே இந்த விதி ஆற்றல் அழியாமையைத்தான் வோல்ட்டில் சொல்கிறது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிய மின்னூட்டத்திடம் மிச்சம் இருக்குமானால், ஒவ்வொரு சுற்றிலும் இலவசமாக ஆற்றல் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 15 வோல்ட் தரும் சார்ஜரைக் கொண்டு 12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும். நேர்முனை நேர்முனையோடும் எதிர்முனை எதிர்முனையோடும் இணைக்கப்பட்டுள்ளன. இடையில் 1.4 ஓம் மின்தடை ஒன்று தொடராக இருக்கிறது. பேட்டரியின் அகமின்தடை 0.1 ஓம், சார்ஜரின் அகமின்தடையை விட்டுவிடலாம்.

முதலில் மின்னோட்டத்தின் திசையைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சார்ஜரின் நேர்முனையிலிருந்து அது கிளம்புவதாக வைத்து, அதன் அளவை I என்போம். கிளை ஏதும் இல்லாததால், முதல் விதிப்படி சுற்று முழுவதும் இதே I ஓடுகிறது. மின்தடையைத் தாண்டிய பின் மின்னோட்டம் குறைந்துவிடும் என்று பலர் நினைப்பதுண்டு. அங்கே குறைவது மின்னழுத்தம், மின்னோட்டம் அல்ல. இனி அதே திசையில் ஒரு சுற்று வந்தால், சார்ஜரில் 15 ஏற்றம், மின்தடையில் 1.4 I இறக்கம், பேட்டரியின் நேர்முனை வழியாக உள்ளே நுழைவதால் 12 இறக்கம், அகமின்தடையில் 0.1 I இறக்கம்.

15 − 1.4 I − 12 − 0.1 I = 0

1.5 I = 3, அதாவது I = 2 ஆம்பியர். திசையைத் தலைகீழாக வைத்துத் தொடங்கியிருந்தால் −2 என்று வந்திருக்கும். அது பிழையல்ல, உண்மைத் திசை எதிர்ப்புறம் என்பதே அதன் பொருள்.

விடை சரிதானா என்று ஆற்றல் கணக்கைக் கொண்டு பார்க்கலாம். சார்ஜர் தருவது 15 × 2 = 30 வாட். அதில் 24 வாட் பேட்டரியின் வேதிவினைக்குப் போகிறது. வெளி மின்தடை 5.6 வாட்டையும் அகமின்தடை 0.4 வாட்டையும் வெப்பமாக்குகின்றன. 30-உம் சரியாக ஒப்பேறிவிட்டது.

தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பேட்டரியின் குறியில்தான். முனைகளை மாற்றி இணைத்தால், 12 வோல்ட் இறக்கமாக இல்லாமல் ஏற்றமாகச் சேரும்: 27 − 1.5 I = 0. மின்னோட்டம் 18 ஆம்பியர். சார்ஜர் அதைத் தர வல்லதானால், 1.4 ஓம் மின்தடையில் ஏறத்தாழ 454 வாட் வெப்பம் எழும். காகிதத்தில் ஒரு குறி மாறுவது, கம்பியில் இவ்வளவு பெரிய வேறுபாடு.

இரண்டாம் விதிக்கு ஓர் எல்லையும் உண்டு. சுற்றின் நடுவே மாறும் காந்தப்புலம் ஊடுருவினால், அது தூண்டும் மின்னியக்கு விசையையும் கணக்கில் சேர்க்காமல் கூட்டுத்தொகை சுழியாகாது. அலைவெண் மிகவும் உயர்ந்தாலும் சிக்கல்தான்: சுற்றின் அளவு மின்காந்த அலையின் நீளத்தை நெருங்கும்போது, ஒரே கம்பியின் இரு இடங்களில் மின்னோட்டம் ஒரே நேரத்தில் வெவ்வேறாக இருக்கும். 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் 6,000 கிலோமீட்டர் என்பதால் வீட்டு மின்சுற்றுகளுக்கு இந்தக் கவலை இல்லை. 100 கோடி ஹெர்ட்ஸில் அது வெறும் 30 சென்டிமீட்டர். அங்கே இந்த விதிகளை அப்படியே பயன்படுத்தக் கூடாது.